முன்னூறு வார்த்தைக்குள் நான்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ஆபீசில் எல்லோரும் உத்தமர்கள் ஆகிவிடுவார்கள். பதினோரு மாதம் டீக்கடைக்கும் மேசைக்கும் நடுவில் நடந்தே செருப்பைத் தேய்த்தவர்கள், அந்த ஒரு மாதத்தில் மலையையே தோளில் தூக்கிச் சுமந்ததாகப் பேச ஆரம்பிப்பார்கள். காரணம் ஒரு படிவம். வருஷக் கடைசியில் ஒவ்வொரு அலுவலரும் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொடுக்க வேண்டிய சுய மதிப்பீடு.

ஏலக்காய்த் தோட்டங்களுக்கு யோசனை சொல்லவும் நோய் பார்க்கவும் ஏற்பட்ட ஒரு சின்ன அரசாங்க ஆபீசில், போடிநாயக்கனூரில், எழுபதுகளின் கடைசியிலிருந்து சில வருஷம் நான் கள அலுவலராக இருந்தேன். சொந்த ஊர் பக்கத்திலேயே, ராசிங்காபுரம். ஆபீசில் என்னைப்போல் இன்னொரு கள அலுவலர், எங்கள் இருவருக்கும் மேலே ஒரு மேலதிகாரி, ஒரு கிளார்க், ஒரு பியூன், ஒரு ஜீப். அதில் உண்மையாக மலையேறி வேலை பார்த்தது ஜீப் ஒன்றுதான் என்று அந்த நாளில் சொல்லித் திரிவேன். என்னையும் அந்த ஜீப்போடு சேர்த்துக்கொண்டுதான் சொல்வேன்.

படிவத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதல் பாகத்தில் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி எல்லாம் கிளார்க் நிரப்புவார். இரண்டாம் பாகம் நாமே எழுதுவது. நமக்கு என்ன வேலை, வருஷ ஆரம்பத்தில் என்ன இலக்கு கொடுத்தார்கள், அதில் எவ்வளவு முடித்தோம், முடியாததற்குக் காரணம் என்ன, இலக்குக்கு மேல் ஏதாவது செய்திருந்தால் அதில் நம் பங்கு என்ன. இதெல்லாம் முன்னூறு வார்த்தைக்கு மிகாமல், இங்கிலீஷில். மூன்றாம் பாகத்தில் மேலதிகாரி நம்மைப் பற்றித் தன் கருத்தை எழுதுவார். நாலாவதில் அவருக்கும் மேலே இருக்கும் மண்டல அதிகாரி அதைச் சரிபார்ப்பார். அந்த இரண்டு பாகத்தையும் நம் கண்ணில் காட்டமாட்டார்கள். மோசமாக ஏதாவது எழுதியிருந்தால் மட்டும் அதைத் தெரிவித்துக் கடிதம் வரும். கடிதம் வராவிட்டால் நல்லபடியாக எழுதியிருக்கிறார்கள் என்று வயிற்றில் பால் வார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பதவி உயர்வுக் கமிட்டி கூடும்போது இந்தக் காகிதங்களை அடுக்கிவைத்துத்தான் பார்க்கும்.

நான் சொல்லப்போகும் வருஷத்தில் மேலே இருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் வாயால் சொன்னால் போதாது, ஒவ்வொரு பங்களிப்புக்கும் சான்று இணைக்க வேண்டும் என்று. சும்மாவே ஆடுகிற கூட்டம், கொட்டும் அடித்தால் கேட்கவா வேண்டும்.

சக அலுவலர் மறுநாளே வேலையில் இறங்கிவிட்டார். மலையில் இல்லை, போடி டவுனுக்குள். ஏலத்தோட்டம் மேலே இருக்கும், முதலாளி கீழே போடியில் இருப்பார். வருஷத்தில் நாலு தடவை ஜீப்பில் போய்த் தோட்டத்துக்கு முகம் காட்டிவிட்டு வருவார். மற்றபடி அவருக்குத் தோட்டம் என்பது கீழே வந்து இறங்குகிற காய் மூட்டைதான். சக அலுவலர் அந்த முதலாளிகளின் வீடுவீடாகப் போய், 'இவர் எங்கள் தோட்டத்துக்கு மாதந்தோறும் வந்து அரும்பணி ஆற்றினார்' என்று கையெழுத்து வாங்கினார். வாசகம் அவரே எழுதியது. முதலாளிகளுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. காபி கொடுத்து, கையெழுத்தும் போட்டுக்கொடுத்து அனுப்பினார்கள். ஒருவர் முந்தின வருஷமே விற்றுவிட்ட தோட்டத்துக்குச் சான்று கொடுத்தார். பழைய லெட்டர் பேடு மிச்சம் இருந்ததாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சக அலுவலருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

"தோட்டம் வித்தா என்ன சார், கையெழுத்து அவருதான?" என்றார்.

மேலதிகாரி இன்னொரு தினுசு. வடக்கே எங்கேயோ சமவெளி ஊர்க்காரர். போடிமெட்டுக்கு ஏறுகிற கொண்டைஊசி வளைவுகளில் மூன்றாவது திரும்புவதற்குள் அவருக்கு வயிறு புரட்டிவிடும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே வருவார், பிறகு வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவார். அவர் தன்னுடைய சுய மதிப்பீட்டில் எழுதும் வார்த்தைகள் எனக்கு மனப்பாடம். வழிகாட்டினேன், ஒருங்கிணைத்தேன், ஊக்கப்படுத்தினேன். எலுமிச்சம்பழத்தையும் சான்றாக இணைக்கலாமே என்று கிளார்க்கின் காதில் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

இவர்களை நான் எவ்வளவு கேவலமாக நினைத்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் தேவைப்படும்.

எனக்குக் கொடுத்திருந்த இலக்கு கட்டை நோய் ஒழிப்பு. ஏலச்செடிக்கு வருகிற நோய்களில் கெட்டது அதுதான். அசுவினிப் பூச்சி ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வந்த செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. நோய் கண்ட தூரை, அதாவது ஒரே அடியிலிருந்து கிளைத்த முழுச் செடிப் புதரையும், கண்டுபிடித்து வேரோடு பிடுங்கி அழிக்க வேண்டும். ஒரு தடவை பிடுங்கினால் முடிந்துபோகாது, திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். பிடுங்குவதற்கு யாரும் போதும், கையில் வலு இருந்தால் ஆயிற்று. கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். நோய் முற்றின தூர் குட்டையாகிச் சோகை பிடித்து நிற்கும், அதைக் குருடனும் கண்டுபிடிப்பான். ஆனால் அதற்குள் அக்கம்பக்கத்துத் தூர்களுக்கெல்லாம் பரவியிருக்கும். பச்சையாய், சரம் விட்டு, காய் பிடித்து நிற்கிற தூரில் இளங்குருத்திலையை மட்டும் பார்த்து, இதற்கு வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.

எனக்கு அது வராது. படித்திருந்தேன், படம் பார்த்திருந்தேன், பயிற்சிக்குப் போய் வந்திருந்தேன். ஆனாலும் ஏலக்காட்டுக்குள் நிழலும் வெயிலும் மாறிமாறி விழுகிற இடத்தில் இலையெல்லாம் எனக்கு ஒரே பச்சைதான்.

என்னோடு மேலே வந்த ஒரு பெண்ணுக்கு அது வந்தது. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சின்ன வயதிலிருந்து எஸ்டேட்டில் காய் எடுத்தவள். எங்கள் ஆபீஸ் தற்காலிகமாக, தினக்கூலிக்கு, நோய் பார்க்க எடுத்திருந்த ஆள். மூன்று வருஷமாக என்னோடு ஜீப்பில் மேலே வருவாள். வரிசைக்குள் நுழைந்தால் நடையை நிறுத்தாமல் போய்க்கொண்டே இருப்பாள். திடீரென்று ஒரு தூரில் குருத்திலையை இழுத்து வானத்துக்கு நேராகப் பிடிப்பாள்.

"இந்தா பாருங்கண்ணே. நடு நரம்புல இருந்து ஓரத்துக்கு வெளுப்பா கோடு ஓடுது பாத்தீகளா?"

காட்டின பிறகு எனக்கும் தெரியும். அவள் கையை எடுத்ததும் மறுபடி ஒரே பச்சையாகிவிடும்.

"காய்ச்சுத்தான இருக்கு" என்பேன்.

"காய்க்கும்ண்ணே. இன்னும் ரெண்டு வருசம் காய்க்கும். போறப்ப பக்கத்துல உள்ளதையும் கூட்டிக்கிட்டுப் போயிரும்."

சொல்லிக்கொண்டே அந்தக் குருத்திலையின் நுனியைச் சுருட்டி ஒரு முடிச்சுப் போடுவாள். அதுதான் அடையாளம். பின்னால் வருகிற ஆட்கள் முடிச்சுப் போட்ட தூரை மட்டும் பிடுங்குவார்கள். பிடுங்கும்போது அந்த முடிச்சை அறுத்துக் கூடையில் போடுவார்கள். சாயங்காலம் ஜீப்புப் பக்கத்தில் கூடையைக் கவிழ்த்து முடிச்சுகளை எண்ணுவோம். எண்ணிக்கையை நான் களப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன், தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும் போடுவார். காய்க்கிற தூரைப் பிடுங்கவிடாமல் கணக்கப்பிள்ளைகள் தகராறு பண்ணுவார்கள். அவர்களிடமும் அவள்தான் இலையைப் பிடித்துக் காட்டி வாதாடுவாள். நான் பக்கத்தில் பேண்ட் போட்டுக்கொண்டு நிற்பேன். அந்த பேண்ட்டுக்கும் ஒரு மரியாதை இருந்தது, அதை மறுக்கவில்லை.

அவளுடைய வேலைக்கு ஒவ்வொரு வருஷமும் மார்ச் முப்பத்தொன்றோடு உயிர் போய்விடும். மண்டல ஆபீசிலிருந்து மறுபடி அனுமதி வந்தால்தான் அடுத்த வருஷம். அந்த அனுமதி அவளுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று எனக்கு நன்றாகவே தெரியும். எஸ்டேட்டில் இருந்தபோது ஒரு கங்காணி அவளிடம் கையை நீட்டியிருக்கிறான். காய் எடுக்கும் கூடையாலேயே அவன் முகத்தில் அடித்துவிட்டு, அன்றைக்கே எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு போடிக்கு இறங்கி வந்தவள். அவளைச் சுற்றி இருந்த வேலையெல்லாம் ஏலக்காட்டு வேலைதான், அவள் ஆட்கள் எல்லாம் அந்தத் தோட்டத்து ஆட்கள்தான். எங்கள் ஆபீஸ் வேலை போனால் அங்கேதான் திரும்பிப் போயாக வேண்டும். அந்தக் கங்காணி இன்னும் அங்கேதான் இருந்தான்.

மார்ச் நடுவில் ஒருநாள், மெட்டில் ஜீப்பை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"ஆபீசுல எல்லாரும் என்னமோ எழுதுறாகளாமுல்ல. என்னென்ன சோலி பாத்தோம்னு."

"ஆமா. நானும் எழுதணும்."

"அதுல என்னையப் பத்தி ஒரு வரி போட்டுவிடுங்கண்ணே. இன்ன மாதிரி ஒருத்தி இருக்கா, நோயி பாக்குறது அவதேன்னு. மேல இருக்கவுகளுக்கு நான் இருக்கேன்னே தெரியாதுல்ல. தெரிஞ்சா அடுத்த வருசமும் வச்சுக்கிருவாக."

"இதென்ன கேக்கணுமா? போட்டுருவேன்."

"மறந்துறாதீக. திரும்ப அந்த நாயி மொகத்துல முழிக்கச் சொல்லிறாதீக என்னைய."

மறக்கவில்லை. மறந்திருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே இருந்திருக்காது.

முதல் பிரதியில் அவளுக்கு ஒரு வாக்கியம் இருந்தது. நல்ல வாக்கியம். நோய் கண்ட தூர்களை ஆரம்ப நிலையிலேயே அடையாளம் கண்டவர் எங்கள் தற்காலிகப் பெண் ஊழியர், அந்தத் திறமை இந்த வேலைக்கு இன்றியமையாதது என்று. மற்றவர்களைப்போல் நான் கதை விடவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் களப் புத்தகத்தின் பக்க எண், பயண நாட்குறிப்பின் தேதி, கணக்கப்பிள்ளையின் கையெழுத்து. அதற்கு மேலும் ஒன்று செய்தேன். அவள் போட்ட முடிச்சு ஒன்றைப் புத்தகத்துக்குள் வைத்து அழுத்திக் காயவைத்து, வெள்ளைத்தாளில் ஒட்டி, அடியில் தேதியும் தோட்டமும் எழுதி இணைப்பாக வைத்தேன். ஆபீசில் யாரும் இப்படி ஒரு சான்றைக் கண்டதில்லை. கிளார்க் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பென்சிலால் வார்த்தைகளை எண்ணினார். தோட்டத்தையே பார்க்காத மனுஷனுக்கு எண்ணுவதில் என்ன ஒரு சிரத்தை. எண்ணி முடித்து, "முன்னூத்தி இருபது இருக்கே" என்றார்.

"குறைச்சிடுறேன் சார்."

"குறைங்க. அதோட இது என்ன, கண்டுபிடிச்சது அந்தப் பொம்பளைன்னு எழுதியிருக்கீங்க?"

"அவதான் சார் கண்டுபிடிச்சா."

"சரி. அவ கண்டுபிடிச்சா, கூலியாட்கள் பிடுங்கினாங்க, கணக்கப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். நீங்க என்ன பண்ணீங்க?"

கோபத்தில் கேட்கவில்லை. நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். இந்த வருஷம் ஒரு இடம் காலியாகப்போகிறது, கமிட்டி கூடினால் என் பெயர் முன்னால் வரும், நானே என் காலை வாரிக்கொள்ள வேண்டாம் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. மலைக்கு ஏறாத அந்த மனிதர் ஒரே கேள்வியில் என் மூன்று வருஷத்தையும் சரியாக எடைபோட்டுவிட்டார். அதற்காகவும் அவர்மேல் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

மேசைக்கு வந்து குறைக்க உட்கார்ந்தேன். 'கடும் மழையையும் பொருட்படுத்தாமல்' என்று ஒரு இடத்தில் இருந்தது. அதை எடுத்திருக்கலாம். தோட்டக்காரர்களுக்கு நான் நடத்திய ஒரு வகுப்பைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது. வந்தவர்கள் ஏழு பேர், அதில் இருவர் தூங்கினார்கள், அதையும் எடுத்திருக்கலாம். இரண்டையும் எடுத்தால் கணக்குச் சரியாகியிருக்கும். ஒவ்வொன்றின் மேலும் பேனாவைக் கொண்டுபோனேன், திருப்பிக்கொண்டேன். கடைசியில் அவளுடைய வாக்கியத்தை அடித்தேன். சரியாக இருபது வார்த்தை. வார்த்தை வரம்பு என்று ஒன்று இருந்தது எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்று சொல்ல முடியாது. அது போனதும், ஆய்வு செய்தேன், கண்டறிந்தேன், அகற்றினேன் என்று வாக்கியங்கள் எல்லாம் தங்குதடையில்லாமல் ஓடின. காய்ந்த முடிச்சை மட்டும் எடுக்கவில்லை. அது அழகாக இருந்தது. அதன் அடியில் 'என்னால் அடையாளமிடப்பட்ட தூரின் மாதிரி' என்று டைப் அடித்துவரச் சொன்னேன்.

சக அலுவலர் விற்றுப்போன தோட்டத்துக்குச் சான்று வாங்கினார் என்று சிரித்தேனே, அவராவது காபிக்காக வீடுவீடாக நடந்தார்.

ஏப்ரல் முதல் வாரத்தில் சுய மதிப்பீடுகள் மண்டல ஆபீசுக்குப் போய்விட்டன. தற்காலிக ஆட்களுக்கு அனுமதி கேட்கிற கடிதம் அதற்குப் பின்னால் போயிற்று. ஆக, மண்டல அதிகாரியின் மேசையில் இரண்டும் ஒரே சமயத்தில் இருந்திருக்கின்றன. அந்த மனிதர் எங்களைப்போல் இல்லை, அனுப்பினதைப் படித்துவிட்டார். பத்து நாளில் பதில் வந்தது. கள அலுவலர்கள் இருவருமே நோய்த் தூர்களைத் தாங்களே கண்டறிந்ததாகச் சான்றுகளோடு பதிவு செய்திருக்கிறார்கள், ஒருவர் மாதிரியும் இணைத்திருக்கிறார். அப்படியிருக்க நோய் பார்க்கவென்று தனி ஆள் எதற்கு? பிடுங்க ஆள் தேவைப்பட்டால் தோட்டத்தார் கொடுப்பார்கள். அனுமதி இல்லை.

மேலதிகாரி கூப்பிட்டுக் கடிதத்தைக் கையில் கொடுத்தார். இரண்டு தடவை படித்தேன். அதில் ஒரு எழுத்துக்கூட தப்பில்லை.

"சார், நான் ஒரு குறிப்பு எழுதித் தர்றேன். கண்டுபிடிச்சது அவதான்னு விளக்கமா."

"தாங்க. அனுப்புறேன்" என்றார் உடனே. "ஆனா ஒண்ணு. நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது ஒண்ணு அங்க இருக்கு. இப்ப இது போனா முதல்ல எழுதினது பொய்னு நீங்களே எழுதிக்கொடுத்த மாதிரி. நான் என் பாகத்துல உங்களைப் பத்தி நல்லா எழுதியிருக்கேன். அதுவும் கேள்வியாகும். யோசிச்சுக்குங்க."

யோசித்தேன். இரண்டு நாள் யோசித்தேன். குறிப்பை எழுதவும் செய்தேன். நாலு வரி, வார்த்தை வரம்பெல்லாம் அதற்குக் கிடையாது. எழுதி மேசை டிராயரில் வைத்தேன். மூன்றாம் நாள் அதன்மேல் வேறு காகிதங்களை வைத்தேன். எனக்கு அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், பதவி உயர்வு வரும் என்று பெண் வீட்டில் சொல்லியாகிவிட்டது. காரணம் வேண்டுமானால் இன்னும் பத்துச் சொல்வேன். பயந்தாங்கொள்ளிக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

அவள் ஆபீசுக்கே வந்தாள். உள்ளே வரச்சொன்னால் வரமாட்டாள், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த வருசம் இல்லேன்னு பியூன் அண்ணே சொல்லுறாரு. நெசமா?"

"மேலேருந்து உத்தரவு வந்திருச்சும்மா. நாங்க கேட்டுத்தான் எழுதினோம்."

"என்னையப் பத்தி எழுதுனீகளா?"

"எழுதினேன்" என்றேன்.

ஒரு கணம் என்னையே பார்த்தாள். இலையைப் பார்க்கிற பார்வைதான். நான் களப் புத்தகத்தைப் புரட்டினேன்.

"நீங்க எழுதியும் தரலேன்னா அவுக என்ன மனுசங்க" என்றாள். "விடுங்கண்ணே. நீங்க என்ன பண்ணுவீக" என்று எனக்கு ஆறுதலும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். எனக்கு அப்போது ஏற்பட்டது வருத்தம் இல்லை. தப்பித்தோம் என்ற நிம்மதி. அதை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பதவி உயர்வு ஜூன் மாதம் வந்தது. அதே ஆபீசில், ஒரு படி மேலே. மேசை கொஞ்சம் பெரிதாயிற்று, வேலை அதேதான், இலக்கு மட்டும் கூடியது. கண்டறிவதில் எனக்கு விசேஷத் திறமை இருப்பதாக மண்டல அதிகாரி கருதினாராம்.

மழை சற்று விட்ட ஒரு நாளில் மேலே போனேன். ஜீப்பில் பின் ஸீட்டு காலியாக இருந்தது. அவள் பழைய தோட்டம்தான் அன்றைக்குப் பார்க்க வேண்டியது. வேண்டுமென்று போகவில்லை, அட்டவணையில் அது இருந்தது. கணக்கப்பிள்ளை குடையோடு கூட வந்தார். நான் வரிசைக்குள் நுழைந்து ஒவ்வொரு குருத்தையும் இழுத்து வானத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே பச்சை. ஒரு தூரில் சந்தேகம் வந்து முடிச்சுப் போட்டேன். முடிச்சு நிற்காமல் அவிழ்ந்துவிட்டது. மறுபடி போட்டபோது இலை கிழிந்தது. கணக்கப்பிள்ளை மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்.

அந்தச் சரிவில் பத்துப் பதினைந்து பெண்கள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேட்டில் ஒரு கல்லின் மேல் அந்தக் கங்காணி உட்கார்ந்திருந்தான். மூக்கின் பக்கத்தில் பழைய தழும்பு தெரிந்தது. களை எடுப்பவர்களில் அவளும் இருந்தாள். நான் அவளைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, இலைகளை மும்முரமாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

"சார்" என்று குரல் வந்தது.

மூன்று வருஷம் என்னை அண்ணே என்று கூப்பிட்டவள். திரும்பினேன். அவள் நிமிரவில்லை, கை களையிலேயே இருந்தது.

"இந்த வரிசையில மூணு தூரு விட்டுட்டுப் போறீக."

"எது எதும்மா?" என்று கேட்டேன். அவசரமாகத்தான் கேட்டேன், ஆசையாகவும்.

"எனக்கு என்ன தெரியும்? கண்டுபிடிக்கிறது நீங்கதேன்னு எழுதியிருக்கீகளாமுல்ல. என் முடிச்சைக்கூட ஒட்டி அனுப்பிச்சீகளாம், நீங்க போட்டதுன்னு."

கிளார்க்கோ பியூனோ சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னால் என்ன. கணக்கப்பிள்ளை குடையை மடக்கி விரித்தார். மேட்டிலிருந்து கங்காணி, "அங்க என்ன பேச்சு? வெரசா கையை ஓட்டு" என்று கத்தினான்.

"ஓட்டுறேன்" என்றாள் அவனிடம். பிறகு என்னிடம், "நீங்க போயி ஒங்க சோலியப் பாருங்க சார். என் சோலி களை எடுக்குறது."

அந்த வரிசையை அன்றைக்கு மூன்று தடவை மேலும் கீழும் நடந்தேன். மூன்று தூரில் ஒன்றைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த வருஷம் அந்தச் சரிவு முழுக்க நோய் விழுந்தது. அப்போது என் கண்ணுக்கும் தெரிந்தது.

அந்த மார்ச்சிலும் படிவம் வந்தது. இலக்கில் பாதிகூட முடியவில்லை. குறைவுக்குக் காரணம் எழுதவேண்டிய இடத்தில் நெடுநேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு, 'நோயை இனங்காணப் பயிற்சி பெற்ற ஆட்கள் இல்லாமை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலதிகாரி வழக்கம்போல் பென்சிலால் எண்ணினார். எண்ணி முடித்துத் தலையை நிமிர்த்தி, இன்னும் நிறைய இடம் இருக்கிறதே, வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டார். ஒன்றும் இல்லை சார் என்று சொன்னேன்.